கோப்பிப் பையில் உள்ள புளூபெரியும் மல்லிகையும் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி: உப்புவெளியில ஒரு கோப்பிக் கடையில எத்தியோப்பியாக் கோப்பி 250 கிராம் பை ஒன்று வாங்கினேன். பையில ‘புளூபெரி, மல்லிகை’ என்று பெரிசா எழுதியிருக்கு. கீழே சேர்மானம் என்ற இடத்தில ‘100 வீதம் அராபிக்கா கோப்பி’ என்று மட்டும்தான் இருக்கு. இரண்டும் உள்ளே இல்லையென்றால் ஏன் எழுதுகிறார்கள்? எசென்ஸ் ஏதும் தெளிக்கிறார்களா, இல்லை விற்பதற்காகச் சும்மா சொல்கிறார்களா? இரசாயனம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதில்: பையின் கீழே உள்ள சேர்மானப் பட்டியலை நீங்கள் நம்பலாம். மேலே பெரிதாக இருக்கும் இரண்டு சொற்கள், அந்தக் கோப்பியை வடித்துச் சுவைத்த ஒருவருக்கு எந்த மணங்கள் நினைவுக்கு வந்தன என்பதைச் சொல்லும் குறிப்பு மாத்திரமே. ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் இதைவிடக் கனமான இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: சுவைத்தவருக்கு வந்த அந்த நினைவுக்குக் கோப்பிக்குள் ஏதாவது பொருள் ஆதாரம் உண்டா, அல்லது அது முழுக்க அவருடைய கற்பனையா? உணவு இரசாயனவியல் படித்து, மணச் சேர்வைகளைப் பிரித்து அறியும் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வேலை செய்து, இப்போது திருகோணமலையில் வசிப்பவன் என்ற முறையில் இதற்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். உங்கள் பையிலுள்ள இரண்டு சொற்களுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் அவை ஒரே தரத்து ஆதாரங்கள் அல்ல. மல்லிகைக்குப் பின்னால் பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரு மூலக்கூறு இருக்கிறது. புளூபெரிக்குப் பின்னால் அப்படி ஒன்று தனித்து இல்லை. பல மூலக்கூறுகளும் நாவின் புளிப்பும் சேர்ந்து எழுப்பும் ஒரு தோற்றம் இருக்கிறது.

மல்லிகையிலிருந்து தொடங்குகிறேன். அந்த மூலக்கூறின் பெயர் லினலூல். பூக்களும் மூலிகைகளும் இயல்பாக ஆக்கும் இந்த அற்ககோல், மல்லிகையின் மணத்தில் முக்கியமான பங்கு வகிக்கிறது. ஊவாவிலும் திம்புளையிலும் விளையும் நல்ல தேயிலையின் பூமணத்திலும் இது உண்டு. உங்களுக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் கொத்தமல்லி விதை. அந்த விதையின் வாசனை எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு லினலூல்தான். நம் வீடுகளில் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடிக்கும் கோப்பித்தூளைக் குடித்து வளர்ந்தவர்கள், லினலூல் உள்ள கோப்பியைச் சிறுவயதிலிருந்தே அறிந்திருக்கிறார்கள் என்று நான் சொன்னால் அது மிகையாகாது. எத்தியோப்பியாவின் யிர்கசெஃபே, சிடாமா, குஜி போன்ற பகுதிகளில் விளையும் அராபிக்கா வகைகள் சிலவற்றின் விதையிலேயே இந்த லினலூல் இருக்கிறது; வெளியிலிருந்து யாரும் சேர்ப்பதில்லை. எத்தியோப்பியாவில் தோன்றி மத்திய அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட கெய்ஷா என்ற வகை, 2004 இல் பனாமாவில் நடந்த கோப்பிப் போட்டியில் எஸ்மெரால்டா தோட்டத்தின் பெயரில் முன்வைக்கப்பட்டபோது சுவைப்பவர்களை வியக்க வைத்ததற்கும் இந்தப் பூமணம்தான் காரணம்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தை விலக்கிவிட வேண்டும், ஏனென்றால் அது மிகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கோப்பிச் செடியின் வெள்ளைப் பூ உண்மையிலேயே மல்லிகையைப் போல மணக்கும். ஆகவே அந்த மணம்தான் விதைக்குள் இறங்கியிருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பூ சில நாட்களில் வாடி விழுந்துவிடுகிறது. அதன் பின் பழம் முதிர்வதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. பூவின் மணம் விதையில் சேமிக்கப்படுவதில்லை. விதை தன் மணப்பொருட்களைத் தானே ஆக்குகிறது. கோப்பியும் மல்லிகையும் தாவரவியலில் நெருங்கிய உறவினரும் அல்ல. இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். ஒரே மூலக்கூறை ஆக்கும் வழி பல தாவரங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் இங்கே உண்மை.

ஆனாலும் கோப்பியில் இருப்பது முழு மல்லிகை மணம் அல்ல. கோணேசர் கோயிலடியில் வாங்கும் ஒரு மல்லிகைச் சரத்தில் லினலூலுடன், அமிலமும் அற்ககோலும் சேர்ந்து உண்டாகும் எசுத்தர் என்ற வகையைச் சேர்ந்த, இனிப்பான பழமணமுள்ள பென்சைல் அசற்றேற்றும், இந்தோல் என்ற பொருளும் இருக்கின்றன. இந்தோல் தனியாகவும் செறிவாகவும் இருந்தால் அருவருப்பான வாடை; மிகச் சிறிய அளவில் பூவுக்கு அந்தக் கனமான, மயக்கும் தன்மையைக் கொடுப்பது அதுவே. நல்ல கோப்பியில் நீங்கள் உணர்வது மல்லிகையின் இலேசான, புதிய பக்கத்தை மட்டும்தான். இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. லினலூல் மூலக்கூறு, ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான இரண்டு வடிவங்களில் இருக்கிறது; கொத்தமல்லியில் பெரும்பாலும் ஒரு வடிவம், மல்லிகைத் தேயிலையில் பெரும்பாலும் மற்றது. இரண்டின் மணமும் சற்றே வேறுபடும், மூக்கு அவற்றை உணரும் அளவும் வேறுபடும். கொத்தமல்லியை முகர்ந்தவுடன் எல்லோருக்கும் மல்லிகை நினைவுக்கு வராமல் இருப்பதற்கு இதுவும், கொத்தமல்லியில் கூடவே இருக்கும் மற்றப் பொருட்களும் காரணங்கள்.

இனி புளூபெரி. வாழைப்பழத்தை ஒரே ஓர் எசுத்தரின் மணத்தால் ஓரளவு அடையாளம் காட்டிவிடலாம். ராஸ்பெரிக்கும் அதன் பெயரையே கொண்ட ஒரு கீற்றோன் உண்டு. புளூபெரிக்கு அப்படி ஒரு தனி முத்திரைப் பொருள் கிடையாது. அந்தப் பழத்தின் மணத்தில் பச்சைப்புல் வாடையுள்ள அல்டிகைட்டுகள், லினலூல் முதலான பூமணப் பொருட்கள், பழமணம் தரும் எசுத்தர்கள் ஆகியவை கலந்திருக்கின்றன. லினலூல் இங்கேயும் வருவதைக் கவனியுங்கள். உங்கள் பையிலுள்ள இரண்டு சொற்களும் ஓர் இடத்தில் பொதுப்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன: லினலூல் தனித்துத் தெளிவாக நின்றால் சுவைப்பவர் மல்லிகை என்கிறார், அதன் பக்கத்தில் எசுத்தர்கள் வந்து நின்றால் அதே லினலூல் ஒரு பழத்தின் பகுதியாகிவிடுகிறது.

அந்த எசுத்தர்கள் எப்படிக் கோப்பிக்குள் வருகின்றன என்பதை ஒரு பழத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம், ஏனென்றால் புளூபெரியின் கதை முழுவதும் அறுவடைக்குப் பின் நடக்கும் சில வாரங்களில்தான் இருக்கிறது. பழுத்த கோப்பிப் பழத்தில் சிவந்த தோலும், அதன் உள்ளே சர்க்கரை நிறைந்த வழுவழுப்பான சதையும், நடுவில் பொதுவாக இரண்டு விதைகளும் இருக்கின்றன. பல நாடுகளில் அறுவடை நாளிலேயே தோலை நீக்கி, எஞ்சிய சதையை ஏறத்தாழ ஒரு நாள் நொதிக்கவிட்டுக் கழுவிவிட்டு, விதையை மட்டும் காயவைக்கிறார்கள். கழுவிய கோப்பி என்று அதற்குப் பெயர். ஹரார் போன்ற வறண்ட பகுதிகளில் நெடுங்காலமாக இருந்து வரும் முறை வேறு. பழத்தை முழுதாகவே உயர்த்திய பரண்களில் மெல்லிய படையாகப் பரப்பி, பகலில் அடிக்கடி புரட்டி, இரவில் பனிக்கு மூடி, இரண்டு முதல் நான்கு வாரங்கள் காயவிடுகிறார்கள். விதையின் ஈரப்பதன் 11 அல்லது 12 வீதத்துக்கு இறங்கியதும் உலர்ந்த தோலை உடைத்து நீக்குகிறார்கள். புளூபெரி என்ற சொல் பெரும்பாலும் ஒட்டிக்கொள்வது இப்படி முழுப்பழமாக உலர்த்திய கோப்பியுடன்தான்.

அந்த வாரங்களில் பழச்சதையில் மதுவங்களும் பற்றீரியாக்களும் பெருகுகின்றன. மதுவம் சர்க்கரையிலிருந்து எதனோலை ஆக்குகிறது. அதே நேரத்தில் லூசின், ஐசோலூசின் என்ற அமினோ அமிலங்கள் சிதைந்து, 3-மெதைல்பியூற்றனோயிக் அமிலம், 2-மெதைல்பியூற்றனோயிக் அமிலம் என்ற இரண்டு அமிலங்கள் உண்டாகின்றன. தனியாக முகர்ந்தால் இவை பழைய பாற்கட்டியையும் வியர்வையையும் நினைவூட்டும். ஆனால் எதனோலுடன் சேர்ந்து எதைல் எசுத்தர்களாக மாறியதும் அவற்றின் குணம் முழுவதும் மாறி, நன்கு கனிந்த பழத்தின் இனிய மணமாகிவிடுகிறது. முழுப்பழமாக உலர்த்திய எத்தியோப்பியக் கோப்பிகளில் இந்த எதைல் எசுத்தர்கள் கழுவிய கோப்பிகளைவிடக் கூடுதலாக இருப்பது பகுப்பாய்வில் தெரிகிறது. இது உறுதியான பகுதி. இவற்றில் எவ்வளவு நுண்ணங்கிகள் சதையில் ஆக்கி விதைக்குள் ஊறியவை, எவ்வளவு இன்னும் உயிரோடிருக்கும் விதை தன் உள்ளேயே ஆக்கியவை என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

புளூபெரியைச் சாப்பிட்டே இராத ஒருவர் இந்த மணத்தை எப்படி அறிந்துகொள்வது என்ற கேள்வி நம் நாட்டில் நியாயமானது. அதற்கு நம்மிடம் நல்ல வழி இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டியதும் வீடு முழுவதும் எழும் மணத்தில் எதைல் 3-மெதைல்பியூற்றனோவேற்று, அதாவது மேலே சொன்ன எசுத்தர்களில் ஒன்று, முக்கியமான பொருள். மற்றது, எதைல் 2-மெதைல்பியூற்றனோவேற்று, அன்னாசியின் மணத்திலும், கண்டிப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் துரியனின் பழமணப் பக்கத்திலும் பலமாக இருக்கிறது. துரியனின் கந்தக வாடையை ஒதுக்கிவைத்துவிட்டு எஞ்சும் இனிப்பை நினைத்துப் பாருங்கள். ஐரோப்பியரோ அமெரிக்கரோ ஒருவர் இந்த எசுத்தர்களை லினலூலுடனும் மென்மையான புளிப்புடனும் ஒன்றாகச் சந்திக்கும்போது, தன் வாழ்வில் அந்தக் கூட்டுக்கு மிக நெருங்கிய பழமாகப் புளூபெரியைச் சொல்கிறார். நீங்கள் அதே கோப்பையில் பலாப்பழத்தைக் கண்டால் அது தவறான சுவைத்தல் அல்ல. இரசாயன ரீதியில் உங்கள் சொல்லுக்கு அவருடைய சொல்லைவிட நேரடியான ஆதாரம்கூட இருக்கலாம்.

இவ்வளவு சிறிய அளவில் இருக்கும் பொருட்கள் எப்படி மூக்குக்கு எட்டுகின்றன என்பது அடுத்து எழும் ஐயம். வறுத்த கோப்பியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்வைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் முகர்வதே இல்லை, ஏனென்றால் ஒரு பொருளின் அளவைவிட, மூக்கு அதை உணரத் தொடங்கும் எல்லைதான் தீர்மானிக்கிறது. வீட்டுக் கூரையில் வைக்கும் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கியில் ஐந்தாறு மில்லிகிராம் லினலூல் கரைந்திருந்தால் அதை நம்மால் உணர முடியும். எதைல் 2-மெதைல்பியூற்றனோவேற்றுக்கு அதே தாங்கியில் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். ஆய்வுகூடத்தில் இதை நேரிலேயே காணலாம். கோப்பியின் ஆவியை வாயு நிறப்பகுப்புக் கருவியின் நீண்ட, மெல்லிய குழாயினூடாகச் செலுத்தினால் பொருட்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுமுனைக்கு வருகின்றன. அங்கே பாதி ஒரு கருவிக்கும், மறு பாதி ஒரு கண்ணாடிக் கூம்புக்கும் செல்கிறது. கூம்பில் ஒரு மனிதர் மூக்கை வைத்து அமர்ந்து, எந்த நிமிடத்தில் என்ன மணம் வந்தது என்று குறிக்கிறார். கருவி மலைபோன்ற கோடு வரையும் இடத்தில் அவருக்கு ஒன்றும் மணக்காது. கருவி எதையும் காட்டாத நேரான கோட்டில் திடீரென்று கனிந்த பழம் மணக்கும். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு, சுவைக்குறிப்புகளை வெறும் அலங்காரச் சொற்கள் என்று தள்ளிவிட மனம் வராது.

இப்படித் தெரிவுசெய்த பொருட்கள் போதுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஜேர்மனியில் வேர்னர் குரோஷ் என்ற இரசாயனவியலாளரின் குழு, 1990களின் இறுதியில், அராபிக்காக் கோப்பியின் மணத்துக்கு முக்கியமான 27 பொருட்களை மட்டும் உரிய அளவில் கலந்து, கோப்பியின் மணத்தை நெருக்கமாக மீட்டெடுத்தது. அந்தக் கலவையில் ஒரு பொருள்கூடத் தனியாகக் கோப்பியாக மணப்பதில்லை, 2-ஃபர்ஃபுரைல்தயோல் என்ற கந்தகச் சேர்வையைத் தவிர. அது மட்டும் மிக ஐதான நிலையில் வறுத்த கோப்பியை நினைவூட்டும். மற்றவை உருளைக்கிழங்கு அவித்த வாடை, மோல்ட் வாடை, புகை, கருப்பட்டி, தேன் என்று வேறு வேறு திசைகளில் போகின்றன. ஆகவே பையில் புளூபெரி என்று எழுதியிருப்பதை வியப்பவர்கள், கோப்பி மணம் என்று நாம் சொல்வதே பல பொருட்களின் கூட்டு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

மூக்கு இந்தக் கூட்டை எப்படி வாசிக்கிறது என்பதில் லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவரின் கண்டுபிடிப்பு அடிப்படையானது. 2004 இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மணவாங்கிகள் இருக்கின்றன. ஒரு மூலக்கூறு பல வாங்கிகளைத் தூண்டும். ஒரு வாங்கி பல மூலக்கூறுகளுக்கு விடையளிக்கும். மூளை அந்தத் தூண்டல்களின் முழுக் கோலத்தையும் ஒன்றாக எடுத்து, முன்பு சந்தித்த கோலங்களுடன் ஒப்பிடுகிறது. இரசம் கொதிக்கும்போது அடுத்த அறையிலிருக்கும் நாம் மிளகு, சீரகம், உள்ளி, புளி என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை, இரசம் என்றே அறிகிறோம். அதுபோல எசுத்தர், லினலூல், புளிப்பு என்று தனித்தனியே வருவதை மூளை ஒரு பழத்தின் பெயராகவே நமக்குத் தருகிறது. மணக் கலவை ஒன்றில் மூன்று நான்கு பொருட்களுக்கு மேல் தனித்தனியே இனங்காண்பது பயிற்சி பெற்றவர்களுக்கும் கடினம் என்பது சோதனைகளில் நன்கு நிறுவப்பட்டது. நாவின் பங்கும் இதில் உண்டு: கோப்பியிலுள்ள சித்திரிக், மலிக் அமிலங்களின் புளிப்பு இல்லாவிட்டால் அதே எசுத்தர்கள் பழமாகத் தோன்றாமல் வெறும் மிட்டாய் வாசனையாகத் தோன்றும்.

வறுப்பவர் இவை எல்லாவற்றையும் காப்பாற்றவும் முடியும், அழிக்கவும் முடியும். பச்சைக் கோப்பி விதை பயறும் புல்லும் போல மணக்கும். ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் விதை முதன்முறை வெடிக்கும் நேரத்தில்தான் நாம் அறிந்த கோப்பி மணம் உருவாகிறது. அந்த முதல் வெடிப்புக்குச் சற்றுப் பிறகு நிறுத்தினால் விதையின் எண்ணெயிலும் கலச் சுவர்களுக்குள்ளும் பூட்டப்பட்டிருந்த லினலூலிலும் எசுத்தர்களிலும் ஒரு பகுதி எஞ்சுகிறது. இன்னும் கறுக்க விட்டால் அவை ஆவியாகியும் சிதைந்தும் போகின்றன; குவாயக்கோல் வகைப் புகைமணப் பொருட்கள் பெருகி எஞ்சியதையும் மூடிவிடுகின்றன. நம் கடைகளில் கறுக்க வறுத்து அரைத்துத் தரும் கோப்பியில் மல்லிகையைத் தேடுவதில் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். அந்தக் கோப்பிக்கு அதற்குரிய நல்ல குணங்கள் உண்டு, நான் நாள்தோறும் விரும்பிக் குடிப்பதும் அதுதான். ஆனால் அவை வேறு குணங்கள்.

இதுவரை சொன்னவை குறிப்புகளுக்குச் சாதகமானவை. அவற்றின் பலவீனத்தையும் சொல்லாவிட்டால் பதில் நேர்மையாக இருக்காது. தொழிலில் இருப்பவர்கள் 8.25 கிராம் கோப்பியை 150 மில்லிலீற்றர் வெந்நீரில் ஊறவைத்து, நாலு நிமிடத்தில் மேலே படியும் படையைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, ஆறியதும் உறிஞ்சிச் சுவைக்கிறார்கள். சொற்கள் ஆளுக்கு ஆள் அலையாமல் இருப்பதற்காக 2016 இல் சுவைச் சக்கரம் ஒன்றும் புதுப்பிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான சொற்தொகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் முகர்ந்து ஒப்பிடக்கூடிய ஒரு மாதிரிப்பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த ஒழுங்குடன் ஒருவர் புளூபெரி என்று எழுதினால் அதற்குப் பொருள் உண்டு. ஆனால் பையில் அச்சிடும் குறிப்பு இந்த ஒழுங்கில்தான் வந்தது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கடைக்காரர் ஒருவர் தனக்குத் தோன்றியதை எழுதலாம். விற்பனைக்கு அழகான சொல்லைத் தெரிவுசெய்யலாம். சென்ற வருட அறுவடையின் குறிப்பை இந்த வருடப் பையிலும் அப்படியே விட்டுவிடலாம்.

படித்த சொல் மூக்கை வழிநடத்தும் என்பதும் உண்மை. 2001 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், போர்தோவில் வைன் படிக்கும் மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமற்ற சிவப்பு நிறம் கலந்து கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு வைனுக்குரிய பழங்களின் பெயர்களைச் சொன்னார்கள். நிறம் அவ்வளவு செய்யுமென்றால், பையில் அச்சிட்ட சொல்லும் செய்யும். அத்துடன் மூக்குகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஊதாப்பூ மணமுள்ள பீற்றா-அயனோன் என்ற பொருளைச் சிலர் தெளிவாக உணர்கிறார்கள், சிலருக்கு அது ஏறத்தாழ மணக்கவே இல்லை. அந்த வேறுபாடு ஒரே ஒரு வாங்கியின் மரபணுவில் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே ஒருவருக்கு இருக்கும் குறிப்பு மற்றவருக்கு இல்லாமற்போவதை உடனே பொய் என்று தீர்மானிக்க வேண்டாம்.

எசென்ஸ் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் இடம் உண்டு. வறுத்த விதையின் மேல் வாசனை எண்ணெய் தெளித்து விற்கும் கோப்பி தனியான ஒரு வகை. வனிலா, ஹேசல்நட் என்ற பெயர்களில் வரும், சேர்மானத்தில் வாசனையூட்டி என்று குறிப்பிடப்பட வேண்டும். அண்மைக்காலத்தில் இன்னொரு முறை பரவியிருக்கிறது: நொதிக்கும் தொட்டியிலேயே பழத்தையோ கறுவாவையோ கோப்பியுடன் சேர்த்து விடுவது. நேர்மையான விற்பனையாளர்கள் அதைப் பையில் சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. அதனால் கோப்பித் தொழிலில் கடுமையான விவாதமும் நடக்கிறது. வீட்டில் முழு உறுதியுடன் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் சில அடையாளங்கள் உதவும். சேர்த்த வாசனை பையைத் திறந்த கணமே ஒரே சுருதியில் உரக்க வரும், அரைக்கும் இயந்திரத்தில் அடுத்த கோப்பிக்கும் ஒட்டிக்கொள்ளும், கோப்பை ஆறினாலும் மாறாது. இயல்பான பழமணம் அரைக்கும்போது ஒரு விதமாகவும், சூட்டில் மங்கியும், ஆற ஆறத் தெளிந்தும் வரும். உங்கள் பையில் ‘இயற்கை முறை’ அல்லது ‘உலர் முறை’ என்ற குறிப்பும் எத்தியோப்பியாவின் ஏதாவது ஒரு பகுதியின் பெயரும் இருந்தால், அந்த இரண்டு சொற்களும் எதுவும் சேர்க்காமலே வரக்கூடியவை.

வீட்டில் நீங்களே பார்க்க விரும்பினால், முதலில் கொத்தமல்லி விதை சிலவற்றை நசுக்கி முகருங்கள். கிடைத்தால் ஒரு பலாச்சுளையையும் பக்கத்தில் வையுங்கள். 15 கிராம் கோப்பியை அப்போதே அரைத்து, கொதித்துச் சற்று அடங்கிய 250 மில்லிலீற்றர் தண்ணீரில் வடியுங்கள். பால் சேர்க்க வேண்டாம். லினலூலும் எசுத்தர்களும் கொழுப்பில் நன்றாகக் கரைபவை, பாற்கொழுப்பு அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடாக ஒரு வாய், குடிக்க இதமான சூட்டில் ஒரு வாய், ஏறத்தாழ ஆறியபின் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் புளிப்பும் கசப்பும் மட்டும் இருக்கும். விழுங்கிய உடனே மூக்கை விட்டால், தொண்டைக்குப் பின்னாலிருந்து மேலேறும் ஆவியில் பழமோ பூவோ வருகிறதா என்று தெரியும். இன்னும் கண்டிப்பான சோதனை வேண்டுமென்றால், வீட்டிலுள்ள ஒருவரிடம் மூன்று கோப்பைகளில் இரண்டில் கடைக் கோப்பியையும் ஒன்றில் இதையும், அல்லது மாறாக, உங்களுக்குத் தெரியாமல் ஊற்றச் சொல்லி, வேறானதைக் கண்களை மூடிக் கண்டுபிடியுங்கள். கறுக்க வறுத்த கோப்பியுடன் ஒப்பிட்டால் அது மிக எளிதாக இருக்கும்; ஆகவே முடிந்தால் மிதமாக வறுத்த வேறொரு நாட்டுக் கோப்பியுடன் ஒப்பிடுங்கள். கண்டுபிடித்த பின், பையைப் பார்க்காமல் உங்களுக்குத் தோன்றும் பெயரை எழுதி வையுங்கள்.

எதுவுமே வரவில்லையென்றால் முதலில் வறுத்த திகதியைப் பாருங்கள். அரைக்காத விதையே சில வாரங்களில் இந்த மெல்லிய மணங்களை இழக்கத் தொடங்கும். அரைத்த தூள் மணித்தியாலங்களிலேயே இழக்கும். கச்சான் வீசும் மாதங்களில் நம் ஊரின் வெப்பத்தில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. பையைத் திறந்தபின் காற்றை வெளியேற்றி இறுக மூடி, அடுப்பிலிருந்து விலகிய இருண்ட இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைகூடத்தில் வைப்பதானால் ஒரு முறைக்குத் தேவையான அளவுகளாகப் பிரித்து இறுகக் கட்டி வைத்து, எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள். திகதி பழையது அல்ல, விதை எண்ணெய் பளபளப்பின்றி இளம்பழுப்பாக இருக்கிறது, புதிதாக அரைத்துப் பாலின்றிக் குடித்தீர்கள், அப்படியும் பூவும் இல்லை பழமும் இல்லை என்றால், அந்தக் கடைக்காரரிடம் அது கழுவிய கோப்பியா முழுப்பழமாக உலர்த்தியதா, எந்த வருட அறுவடை, குறிப்பை எழுதியவர் யார் என்று கேளுங்கள். சுவைத்துப் பார்த்து வாங்கும் கடைக்காரருக்கு இந்த மூன்றுக்கும் உடனே பதில் இருக்கும்.